மாரட்டோரியம் காலத்து வட்டி: விட்டுவிடுவதா, மாதாமாதம் கட்டுவதா, ஆர்.டி. போட்டு மொத்தமாக அடைப்பதா?

அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்து, கல்விக்கடன் சாங்ஷன் ஆன அன்று அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மாமா, படிச்சு முடிக்கிற வரைக்கும் வட்டி கிடையாதாமே?" ஒரு வங்கிக் கிளையில் அவளுக்கு அப்படித்தான் புரிய வைத்திருக்கிறார்கள். மாரட்டோரியம் என்றால் தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் நீங்கள் இஎம்ஐ கட்ட வேண்டாம், அவ்வளவுதான். கல்லூரிக்கு வங்கி பணம் அனுப்பிய நாளிலிருந்தே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாலு வருடப் படிப்பு, ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 1.5 லட்சம், மொத்தம் 6 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன் (உங்களுடையது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதுவும் மாறும் வட்டியாகத்தான் இருக்கும்). பணம் ஒரேயடியாக வராமல் வருடத்துக்கு ஒரு தடவை வருவதால் வட்டியும் படிப்படியாகத்தான் ஏறும்: முதல் வருடம் மாதம் 1,250 ரூபாய், இரண்டாம் வருடம் 2,500, மூன்றாம் வருடம் 3,750, நாலாம் வருடமும் வேலை தேடும் ஐந்தாம் வருடமும் மாதம் 5,000. ஐந்து வருடத்துக்கும் கூட்டினால் 2,10,000 ரூபாய். இதை என்ன செய்வது என்பதில்தான் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, ஒன்றும் கட்டாமல் விட்டுவிடுவது. பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், நிறைய பேருக்கு இது ஒரு முடிவு என்றே தெரியாது. மாரட்டோரியம் முடிகிற நாளில் அந்த 2,10,000 அசலோடு சேர்ந்து, கடன் 8,10,000 ஆகிவிடும். அதிலிருந்து அந்த வட்டிக்கும் வட்டி ஓடும். பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் இஎம்ஐ சுமார் 10,700 வரும். வட்டியை முன்பே தீர்த்துவிட்டு வெறும் 6 லட்சத்துக்கு இஎம்ஐ போட்டிருந்தால் சுமார் 7,930. மாதம் 2,770 ரூபாய் வித்தியாசம், 120 மாதத்துக்கு 3.3 லட்சம். 2.1 லட்சம் வட்டியைத் தள்ளிப்போட்டதற்கு 3.3 லட்சம் கட்டுகிறோம்.

அதற்காக இது எப்போதும் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ரெண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது வருடத்துக்கு 24 சதவீதத்துக்கு, வெளியில் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். 10 சதவீதக் கடன் கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்.

இரண்டாவது வழி, வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுவது. இப்படி விடாமல் கட்டினால் வட்டியில் ஒரு சதவீதம் சலுகை தரும் வங்கிகள் உண்டு. எங்கள் கணக்கில் அந்த ஒரு சதவீதம் என்பது ஐந்து வருடத்துக்கு 21,000 ரூபாய், அதாவது 2,10,000 கட்ட வேண்டிய இடத்தில் 1,89,000. ஆனால் சலுகை "வட்டி நிலுவையில்லாமல் கட்டினால்" என்ற நிபந்தனையோடுதான் வரும். முதல் வருடம் 1,250 கட்டுவது சுலபம், நாலாம் வருடம் மாதம் ஐயாயிரம் என்று வரும்போதுதான் மூச்சு வாங்கும், ஆரம்பத்தில் யாரும் அதை யோசிப்பதில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகவே நிற்கிறது. அரசு வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் மாரட்டோரியம் காலத்தில் தனிவட்டிதான். அதாவது இந்த மாதம் ஏறிய வட்டி, கட்டாமல் நின்றாலும், மாரட்டோரியம் முடிகிற வரை குட்டி போடாது. இன்று கட்டினாலும் ஐந்தாம் வருடக் கடைசியில் கட்டினாலும் அதே 1,250 ரூபாய்தான். அப்புறம் எதற்கு இன்றே கட்ட வேண்டும்? அதே பணத்தை ஆர்.டி.யில் போட்டு வந்து, வட்டியை அசலில் சேர்ப்பதற்கு முந்தின மாதம் 2,10,000-ஐ மொத்தமாகக் கட்டிவிடலாம். 6 சதவீத ஆர்.டி. என்றாலும் ஐந்து வருடத்தில் சுமார் 25,000 ரூபாய் நமக்கு மிஞ்சும். ஒரு சதவீதச் சலுகையில் மிஞ்சுகிற 21,000-க்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. சலுகையே தராத வங்கி என்றால் ஆர்.டி.தான் தெளிவாக மேல். நடுவில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் பணமும் கையில் இருக்கும்.

இதில் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, தேதி. வட்டி அசலில் சேர்ந்த பிறகு போய்ப் பணம் கட்டினால் நஷ்டம் பெரிதில்லை, ஆனால் இஎம்ஐ 10,700 என்றே நிர்ணயமாகியிருக்கும், அதைக் குறைக்க எழுதிக் கொடுத்து அலைய வேண்டியிருக்கும். இரண்டாவதுதான் முக்கியம்: உங்கள் கடன் உண்மையிலேயே தனிவட்டிதானா? மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றிக் கூட்டுவட்டி போடும் கடன் என்றால், அதே 6 லட்சம் ஐந்து வருடத்தில் 8,10,000 இல்லை, சுமார் 8,55,000. அங்கே ஆர்.டி. கதை செல்லாது, ஏறிய வட்டிக்கும் 10 சதவீதம் ஓடும்போது 6 சதவீதத்தில் சேர்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான். அந்த மாதிரிக் கடனுக்கு இரண்டாவது வழியை விட்டால் வேறு வழி இல்லை.

எது என்று கண்டுபிடிக்க கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் போதும். வட்டி எதுவும் கட்டாத கணக்கில், முதல் 1.5 லட்சம் மட்டும் வந்திருக்கும் வருடத்தில் 31 நாள் மாதம் ஒன்றுக்கு வட்டி சுமார் 1,274 ரூபாய் விழும். பன்னிரண்டாவது மாதமும், 31 நாள் என்றால், அதே 1,274 இருந்தால் தனிவட்டி. 1,390-க்கு மேல் போயிருந்தால் கூட்டுவட்டி. கிளையில் வாயால் சொல்வதை விட இந்த இரண்டு எண்களை நம்பலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று பார்த்துவிடுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதிக்குள் வந்தால், மாரட்டோரியம் கால வட்டியை மத்திய அரசே மானியமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழோடு வங்கியில் விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கிறவர்களுக்கு மேலே சொன்ன மூன்று வழியும் தேவையே இல்லை.

அக்காவுக்கு வருமானம் அந்த வரம்புக்குக் கொஞ்சம் மேலே, கடன் தனிவட்டி, வங்கியில் சலுகையும் உண்டு. நான் பேப்பரில் கணக்குப் போட்டு ஆர்.டி. என்றேன். அவள் கேட்டுவிட்டு, "தம்பி, ஆர்.டி.ல ஒரு லட்சம் சேந்துச்சுன்னா அது கல்யாணம், காதுகுத்துன்னு எங்க போகும்னு உனக்கே தெரியும், மாசாமாசம் பேங்க்காரனே எடுத்துக்கட்டும்" என்றாள். சேமிப்புக் கணக்கிலிருந்து ஐந்தாம் தேதி 1,250 தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.