ஐஎஸ்ஓ 9001-ஆ, ஐஏடிஎஃப் 16949-ஆ: 22 பேர் பட்டறைக்கு எது கட்டுப்படியாகும்?

எங்கள் பட்டறை கோவை கணபதி பக்கம். மூன்று சிஎன்சி லேத், ஒரு விஎம்சி, ஒரு கிரைண்டிங் மெஷின், ஆபீஸ் ஆட்களையும் சேர்த்து 22 பேர். பல வருடம் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துதான் ஓடியது. அப்புறம் பைக் பாகங்களை அசெம்பிள் செய்யும் ஒரு பெரிய கம்பெனிக்கு வெண்டராகப் பதிவு செய்யப் போனோம். படிவத்தின் இரண்டாம் பக்கத்திலேயே தர மேலாண்மைச் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள். அன்று எடுத்த முடிவுக்கு மூன்று வருடம் ஆகி, போன மாதம் மறுசான்றிதழ் ஆடிட்டும் முடிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. முதலாவது, ‘ஒரு வாரத்தில் ஐஎஸ்ஓ’ என்று வாட்ஸப்பில் வரும் மலிவுச் சான்றிதழ். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முறையான அங்கீகாரம் உள்ள நிறுவனம் 22 பேர் உள்ள இடத்துக்கு முதல் ஆடிட்டுக்குச் சுமார் மூன்று ஆள்-நாள் ஒதுக்க வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. பட்டறையை எட்டிப் பார்க்காமலே சான்றிதழ் தருகிறவர் எதைத் தருகிறார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வாங்குபவரின் குவாலிட்டி ஆள் சான்றிதழில் முதலில் தேடுவது அங்கீகார முத்திரையைத்தான். நம் ஊரில் பெரும்பாலும் என்ஏபிசிபி. பிறகு IAF CertSearch தளத்தில் கம்பெனி பெயரைத் தட்டிப் பார்ப்பார். முத்திரையும் இல்லை, தளத்திலும் வரவில்லை என்றால் நாம் சொல்லும் மற்றதையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

மீதி இரண்டு, அங்கீகாரம் பெற்ற ஐஎஸ்ஓ 9001, வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949. எங்கள் கன்சல்டன்ட் இரண்டாவதற்குத்தான் தள்ளினார். “பெரிய கம்பெனிக்குப் போறீங்க சார், பெரிசாவே எடுத்துருங்க” என்றார். நாங்கள் ஐஎஸ்ஓ 9001 எடுத்தோம், இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம் புரிந்ததும் முடிவு சுலபமானது. அந்த பைக் பாகக் கம்பெனி ஏன் நம்மிடம் சான்றிதழ் கேட்கிறது? அவர்களே ஐஏடிஎஃப் வைத்திருப்பவர்கள். தன் சப்ளையர்களைப் படிப்படியாக வளர்த்து கடைசியில் ஐஏடிஎஃப் வரை கொண்டுவர வேண்டும் என்பது அதில் அவர்களுக்கு உள்ள நிபந்தனை. ஆனால் அந்தப் படியின் ஆரம்பம் அங்கீகாரம் பெற்ற ஐஎஸ்ஓ 9001-தான். ஆக, அது இருந்தால் அவர்கள் ஆடிட்டில் நம்மால் அவர்களுக்குச் சிக்கல் வராது. பர்சேஸ் மேனேஜரிடம் நான் பேசியது இதை வைத்துத்தான். ‘எங்கள் தரம் உயர்ந்தது’ என்று சொல்வதைவிட, ‘உங்கள் சப்ளையர் ஃபைலில் எங்கள் வரிசை காலியாக இருக்காது’ என்று சொன்னது சட்டென்று எடுபட்டது.

ஐஏடிஎஃப் எல்லாருக்கும் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கார், பைக், லாரி, பஸ் பாகங்களை அந்த இடத்தில் உண்மையிலேயே உற்பத்தி செய்ய வேண்டும். டிராக்டர், விவசாய பம்ப், மண் வாரும் இயந்திரம் எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. எங்களைப் போல பம்ப் வேலையே பெரும்பங்கு என்றால், எடுத்தாலும் பட்டறையின் ஒரு மூலைக்குத்தான் அது பொருந்தும்.

ஆனால் உண்மையில் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வாங்குகிற செலவு ஒரு தடவையோடு போய்விடும், வைத்துக்கொள்வதுதான் வருடா வருடம் நிற்கிறது. ஐஎஸ்ஓ சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், நடுவில் ஒவ்வொரு வருடமும் ஒரு சர்வைலன்ஸ் ஆடிட். எங்கள் அளவுக்கு அது சுமார் ஒரு நாள். அதற்குத் தயாராக என் தங்கை மாப்பிள்ளை (குவாலிட்டியும் அவர்தான், டிஸ்பாட்சும் அவர்தான்) வாரத்தில் அரை நாள் ஒதுக்கினால் போதும்: காலிபரேஷன் தேதி, உள் ஆடிட், புகார்ப் பதிவு, மேனேஜ்மென்ட் ரிவ்யூ.

ஐஏடிஎஃப்பில் இதே வேலை பல மடங்கு. ஒவ்வொரு ஷிப்டையும் ஆடிட்டர் பார்க்க வேண்டும், எங்கள் ராத்திரி ஷிப்டும் அதில் சேரும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் தனி நிபந்தனைகளையும் பின்பற்றியதற்கு ஆதாரம் வேண்டும். எஃப்எம்இஏ, கன்ட்ரோல் பிளான், எஸ்பிசி, எம்எஸ்ஏ என்று தவறு தடுப்பு, செயல்முறைக் கட்டுப்பாடு, அளவீடு பற்றிய பதிவுகள் எல்லாம் பாகம் வாரியாக உயிரோடு இருக்க வேண்டும். பெரிய குறை ஒன்று வந்தால் சான்றிதழே இடைநிறுத்தத்துக்குப் போகலாம், அது வாடிக்கையாளர் காதுக்கும் போகும். பக்கத்து ஷெட் நண்பர் ஐஏடிஎஃப் எடுத்தார். அதற்காக மட்டும் ஒரு இன்ஜினியரை வேலைக்கு வைத்தார். அவர் எட்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போனதும், அடுத்த ஆடிட்டுக்கு முந்தைய பத்து நாள் குடும்பமே உட்கார்ந்து பழைய தேதியில் சார்ட் நிரப்பியது. (ஐஏடிஎஃப்பை நான் பார்த்தது அவர் ஷெட்டில்தான். முழுக்க வாகன வேலை, நூறு பேர் என்று இருக்கும் இடத்தில் கணக்கு வேறாக இருக்கலாம்.)

ஐஎஸ்ஓவின் குறையையும் சொல்ல வேண்டும். அது படிவத்தைத் தாண்ட வைக்கும், ஆர்டரை வாங்கித் தராது. பதிவுக்குப் பின் அந்தக் கம்பெனியின் குவாலிட்டி இன்ஜினியர் நேரில் வந்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை ஒரு நிமிடம் பார்த்தார்; முகவரி சரியா, எழுதியிருக்கும் வேலை எல்லையில் மெஷினிங் இருக்கிறதா, அவ்வளவுதான். அப்புறம் நேராகத் தொட்டியிலிருந்து ஒரு பின்னை எடுத்து, “இதை எதில் அளக்கிறீர்கள்?” என்றார்.

20 மில்லிமீட்டர் விட்டம், h7 டாலரன்ஸ். அதாவது மொத்தம் 21 மைக்ரான் இடம். எங்கள் ஆபரேட்டர் அதை 10 மைக்ரான் படிநிலை உள்ள சாதாரண மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருந்தார். காலிபரேஷன் ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது, ஐஎஸ்ஓ ஆடிட்டரும் அதோடு திருப்தியாகியிருந்தார். இவர் பத்து பின், மூன்று ஆபரேட்டர், ஆளுக்கு மூன்று தடவை என்று, அளக்கும் முறையை நம்பலாமா எனச் சோதிக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் போடச் சொன்னார். 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவு முறை தேறாது, 10-க்குள் இருந்தால் நல்லது. எங்களுக்கு வந்தது 40-க்கு மேல். நல்ல பின்னும் கெட்ட பின்னும் மைக்ரோமீட்டருக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஒரு மைக்ரான் காட்டும் டயல் கம்பாரேட்டரும் மாஸ்டர் பின்னும் வாங்கி மறுபடி போட்டபோது 17-க்கு இறங்கியது. முதல் ஆர்டர் அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் வந்தது.

அதனால் இப்போது எந்தப் புதிய வாங்குபவரிடம் போனாலும் சான்றிதழ் நகலோடு மூன்று தாள் எடுத்துப் போகிறேன்: அவர்கள் பாகத்தை ஒத்த ஒன்றின் கன்ட்ரோல் பிளான், அதன் ஆர் அண்ட் ஆர் தாள், போன வருடம் திரும்பி வந்த ஒரு லாட்டை ஹீட் நம்பர் வரை பின்தொடர்ந்து எழுதிய புகார் அறிக்கை. இவற்றுக்கு ஐஏடிஎஃப் சான்றிதழ் தேவையில்லை, அதன் கருவிகளை நான்கு பாகத்துக்கு மட்டும் பயன்படுத்தினாலே போதும். கடைசித் தாளைக் காட்ட என் தங்கை மாப்பிள்ளைக்கு இன்னும் மனசில்லை, “நம்ம தப்பை நாமளே காட்டுறதா?” என்பார். ஆனால் குவாலிட்டி ஆட்கள் அதைத்தான் அதிக நேரம் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அந்த பைக் பாகக் கம்பெனி வருடத்துக்கு ஒரு தடவை ஐஏடிஎஃப் எப்போது என்று கேட்கிறது. மொத்த வேலையில் வாகனப் பாகம் பாதியைத் தாண்டினால் எடுக்கிறோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம், இப்போது அது மூன்றில் ஒரு பங்கு. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: கிரைண்டிங் மெஷினைப் பின்தெருவில் எடுத்த புதிய ஷெட்டுக்கு மாற்றுகிறோம், அந்த முகவரி இன்னும் சான்றிதழில் ஏறவில்லை.