டாப்-அப் லோனா, பழைய வீட்டுக் கடனையே மூடும் புதுக் கடனா? கையெழுத்துக்கு முன் பாருங்கள்

வீட்டுக் கடன் ஒழுங்காகக் கட்டிவருபவர்களுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு போன் வருகிறது. "மேடம், உங்களுக்கு 4 லட்சம் டாப்-அப் ப்ரீ-அப்ரூவ்டு ஆகியிருக்கு. இஎம்ஐ வெறும் 511 ரூபாய்தான் கூடும்." எனக்கும் வந்தது. டாப்-அப் என்றால் இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதலாகத் தரும் கடன். கடன் வாங்கியிருக்கும் அதே வங்கியின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். மாடியில் ஒரு ரூம் எடுக்கப் பணம் தேவைப்பட்டதால் சரி என்றேன். "லாகின் ஃபீஸ் 5,000, ஜிஎஸ்டி சேர்த்து 5,900. அப்புறம் ப்ராசஸிங் ஃபீஸில் கழிச்சுக்குவோம்" என்று வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அவர்கள் நீட்டிய காகிதத்தில் இருந்தது.

என் பழைய கடனில் அசல் பாக்கி 18 லட்சம். வட்டி 8.1 சதவீதம், இன்னும் 10 வருடம், மாதம் 21,934 ரூபாய். (பாக்கியை மட்டும் ரவுண்டாகச் சொல்கிறேன்.) அவர்கள் கொண்டுவந்த தாளில் பாக்கி 18,29,000 சொச்சம் என்று இருந்தது. நெட் பேங்கிங்கில் அன்றைய தேதிக்கு ஸ்டேட்மென்ட் எடுத்துக் காட்டினேன். மூன்று இஎம்ஐக்கு முந்தைய கணக்கை வைத்து ஆஃபர் தயாரித்திருக்கிறார்கள். என் இஎம்ஐயில் மாதம் கிட்டத்தட்ட 9,700 ரூபாய் அசலில் கழிகிறது, மூன்று மாதத்தில் 29,000 வித்தியாசம் வந்துவிடும். கேட்டதும் திருத்திவிட்டார்கள். கேட்காமல் விட்டால் கடன் தொகையே கூடுதலாக எழுதப்பட்டு, அதற்கும் சேர்த்து வட்டி ஓடும். அதனால் பாக்கி எவ்வளவு என்பதை அவர்கள் தாளிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் ஸ்டேட்மென்டில் அசல் பாக்கி என்ற வரியைப் பார்த்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் கண்டது சாங்ஷன் லெட்டரில். கடன் தொகை 4 லட்சம் இல்லை, 22 லட்சம். லோன் அக்கவுண்ட் நம்பரும் புதிது. அதாவது என் பழைய கடனை மூடிவிட்டு, மொத்தத்தையும் புதுக் கடனாகத் தருகிறார்கள். வட்டி 9.1, காலம் 15 வருடம், இஎம்ஐ 22,445. அந்த 511 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? 10 வருடத்தை 15 வருடமாக நீட்டியதால்தான் மாதத் தவணை கூடாததுபோலத் தெரிகிறது.

மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். பழைய கடனை அப்படியே கட்டி முடித்தால் இன்னும் 26.32 லட்சம் கட்டுவேன். புதுக் கடனில் 40.40 லட்சம். 4 லட்சம் வாங்குவதற்காக 14 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டவேண்டும். அதே 4 லட்சத்தை அதே 9.1 சதவீதத்தில், 10 வருடத்துக்குத் தனி டாப்-அப்பாக வாங்கினால் மாதம் 5,089, மொத்தம் 6.11 லட்சம்தான் ஆகும். தவணை கூடுதல்தான், கட்ட முடியுமா என்று யோசித்துத்தான் எடுக்கவேண்டும். ஆனால் அதை முடிவு செய்யவேண்டியது நான். என்னிடம் சொல்லாமல் ஐந்து வருடத்தை நீட்டும் உரிமை அவர்களுக்கு இல்லை.

"காலத்தைக் குறைச்சுக்கலாம் மேடம், 10 வருஷமே போட்டுத் தரோம்" என்றார் வந்தவர். அப்போதும் வட்டி விஷயம் தீரவில்லை. என் கடன் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தோடு இணைந்தது. ரெப்போ 5.25 இருந்த நேரம், அதன்மேல் வங்கி கூட்டிக்கொள்ளும் ஸ்ப்ரெட் எனக்கு 2.85, ஆக 8.1. இப்படி இணைந்த கடனில் ரெப்போ ஏறினால் வட்டி ஏறும். ஆனால் ஸ்ப்ரெட்டை வங்கி நினைத்தபோதெல்லாம் ஏற்ற முடியாது, ரிசர்வ் வங்கி விதி கட்டுப்படுத்துகிறது. பழைய கடனை மூடிப் புதுக் கடன் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், புது ஸ்ப்ரெட் எழுதலாம். எனக்கு 3.85 என்று எழுதியிருந்தார்கள். டாப்-அப்புக்கு ஒரு சதவீதம் கூடுதலாகக் கேட்பது வழக்கம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஒரு சதவீதம் பழைய 18 லட்சத்துக்கும் ஏறுகிறது. காலத்தை 10 வருடமாகவே வைத்தாலும், இதனால் மட்டும் மாதம் 965 ரூபாய், பத்து வருடத்தில் 1.16 லட்சம் போகும்.

கட்டணமும் இதே வழியில்தான். ப்ராசஸிங் ஃபீஸ் அரை சதவீதம் என்று போனில் சொன்னார்கள். 4 லட்சத்துக்கு என்றால் ஜிஎஸ்டியோடு 2,360. தாளில் 22 லட்சத்துக்குப் போட்டு 12,980 ஆக்கியிருந்தார்கள். அதோடு கடன் காப்பீடு என்று 46,000 ஒரே பிரீமியம். "இது கம்பல்சரி" என்றார். எந்த விதியில் என்று எழுதித் தரச் சொன்னேன், பேச்சு மாறியது. இரண்டையும் கழித்தால் 4 லட்சத்தில் என் கைக்கு வருவது 3,41,020.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாளால். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் இதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் கொடுக்கவேண்டும். எனக்கு முதலில் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். முழுத் தாளையும் விடாமல் கேட்டு வாங்கினேன். அதில் ஏபிஆர் என்று ஒரு வரி உண்டு. கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த உண்மையான வருட விகிதம் அது. போனில் 9.1 என்று சொன்ன கடனுக்கு அங்கே 9.57 என்று இருந்தது. இந்த இரண்டு எண்ணும் தள்ளி நின்றால் இடையில் ஏதோ கட்டணம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கவும் முடியாது.

தயவுசெய்து ஒன்று கவனியுங்கள். இவர்கள் இப்போது வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்குவதில்லை. லிங்க் அனுப்பி, "அப்ளிகேஷனுக்குத்தான் மேடம், ஓடிபி சொல்லுங்க" என்கிறார்கள். ஆதார் ஓடிபி வைத்து ஒப்பந்தத்திலேயே மின்கையெழுத்து போட்டுவிடலாம். முழுத் தாளும் கைக்கு வரும்வரை எந்த ஓடிபியும் சொல்லாதீர்கள், அவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே கிளைக்குப் போய் மேலாளரிடம் கேட்டேன். தனி டாப்-அப் திட்டம் அங்கேயே இருக்கிறது. பழைய கடனைத் தொடவேண்டாம், வேறு கணக்கு எண், 10 வருடம், காப்பீடு இல்லாமல். போன் செய்தவர்கள் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5,900 ரூபாய்க்கு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். "லாகின் ஃபீஸ் திருப்பித் தரப்படாது" என்று பதில் வந்தது. கேஎஃப்எஸ் கொடுப்பதற்கு முன்பே, ரீஃபண்ட் இல்லை என்று சொல்லாமல் வாங்கிய பணம் அது. வங்கி மறுத்தாலோ, 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதிவு செய்திருக்கிறேன், கட்டணம் கிடையாது. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதேபோல லாகின் ஃபீஸ் கட்டியவர்கள் ரசீதையும், போனில் பேசிய தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.