சட்டியில் கலப்பதா, வயிற்றில் கலப்பதா: மூன்று விளையாட்டுகளின் சமையல்

இரண்டு பொருளைச் சேர்த்துச் சமைத்தால் தனித்தனியாகக் கிடைக்காத ஒன்று கிடைக்க வேண்டும். விளையாட்டுக்குள் வரும் சமையலை நான் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுவேன். மதுரை புதூரில் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்துகிறேன். பையன்கள் திரும்பத் திரும்ப இழுத்து உட்காரும் மூன்று விளையாட்டுகள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அதனால் அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் 2017இல் வந்த செல்டா, அதாவது ப்ரெத் ஆஃப் தி வைல்ட். சட்டியில் ஐந்து பொருள் வரை போடலாம். உயிரின் அளவை ஹார்ட் என்று எண்ணுவார்கள். பச்சையாகத் தின்றால் அரை ஹார்ட் ஏற்றும் ஆப்பிள், சமைத்தால் ஒரு ஹார்ட் ஏற்றும். இதற்கு மேல் சில பொருள்களுக்குத் தனிக் குணம் உண்டு. மைட்டி பனானா அடியின் பலத்தைக் கூட்டும், அயர்ன்ஷ்ரூம் காளான் நம்மேல் விழும் அடியைக் குறைக்கும், மிளகாய் குளிரைத் தாங்க வைக்கும். ஒரே குணமுள்ள பொருளைக் கூடக்கூடப் போட்டால் குணத்தின் படி உயரும், அது நிற்கும் நேரமும் நீளும். ஐந்து வாழைப்பழத்தையும் ஒன்றாகப் போட்டால் மூன்றாம் படி பலம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் நிற்கும்.

சரி, பலமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று வாழைப்பழத்தோடு அயர்ன்ஷ்ரூமைப் போட்டால்? இரண்டு குணமும் அடிபட்டுப் போகும். ஹார்ட் மட்டும் ஏறும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: குணமுள்ள பண்டத்தின் பெயருக்கு முன்னால் ‘மைட்டி’, ‘டஃப்’ மாதிரி ஓர் அடைமொழி வரும், அது இல்லையென்றால் பொருள் வீண். தனித்தனியாகச் சமைத்து அடுத்தடுத்துத் தின்றாலும் பயனில்லை, பின்னால் தின்றதன் குணம் முன்னதை அழித்துவிடும்.

ஆக, இந்தச் சட்டி பெருக்கித் தருகிறதே தவிர கலந்து தருவதில்லை. கலப்புக்கு மதிப்புள்ள இடம் ஒன்று உண்டு. நான்கு வாழைப்பழத்தோடு டிராகன் கொம்பின் ஒரு துண்டைச் சேர்த்தால், அதே மூன்றாம் படி பலம் முப்பது நிமிடம் நிற்கும். ஒரு பொருள் குணத்தைக் கொடுக்க, மற்றொன்று காலத்தைக் கொடுக்கிறது. எனக்கு இந்த விளையாட்டின் சமையலில் மிகப் பிடித்தது இதுதான். ஆனால் பறக்கும் டிராகனின் கொம்பில் அம்பு எய்து ஒரு துண்டு எடுப்பதற்குள் ஆட்டத்தில் பாதி வளர்ந்திருப்போம். சென்டருக்கு வருகிற ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: “ஏண்ணே, அஞ்சு வாழப்பழத்தப் போட்டாலே வேல முடிஞ்சிருதே, அப்புறம் எதுக்குண்ணே இத்தன பொருளு?” அவன் கேட்டது நியாயம்.

இரண்டாவது, 2013இல் வந்த டோன்ட் ஸ்டார்வ். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

இங்கே க்ராக் பாட் என்கிற சட்டியில் சரியாக நான்கு பொருள் போட வேண்டும், கூடவோ குறையவோ கூடாது. போடுகிற ஒவ்வொன்றையும் சட்டி ஒரு வகையாகவும் அளவாகவும் மாற்றிக் கணக்குப் பார்க்கிறது. பெரிய இறைச்சி என்றால் இறைச்சிக் கணக்கில் ஒன்று, சின்னத் துண்டு என்றால் அரை, பெர்ரி என்றால் பழக் கணக்கில் அரை. நான்கையும் கூட்டி, எந்தெந்தப் பண்டத்தின் நிபந்தனை நிறைவேறுகிறது என்று பார்க்கும். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் முன்னுரிமை அதிகமுள்ள பண்டம் ஜெயிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் ஆட்டுவிக்கும் வில்சனுக்கு வயிறு நிறைந்திருந்தால் பசி அளவு 150. ஒரு நாளைக்கு 75 குறையும். கையில் ஒரு மான்ஸ்டர் மீட்டும், அதாவது உடம்புக்கு ஆகாத கெட்ட இறைச்சியும், மூன்று பெர்ரியும் இருக்கின்றன. அப்படியே தின்றால் நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 47 பசியை அடைக்கும், ஆனால் அந்த இறைச்சி ஹெல்த்தில் 20, மனத்தெளிவில் 15 பிடுங்கிக்கொள்ளும். அதே நான்கையும் சட்டியில் போட்டால் மீட்பால்ஸ் வரும்: பசிக்கு 62.5, ஹெல்த்துக்கு 3, மனத்தெளிவுக்கு 5. கெட்ட இறைச்சியின் விஷம் எங்கோ போய்விட்டது.

இப்போது ஒரு பெர்ரியை எடுத்துவிட்டு இரண்டாவது மான்ஸ்டர் மீட்டைப் போடுங்கள். மான்ஸ்டர் கணக்கு இரண்டைத் தொட்டதும் முன்னுரிமை அதிகமுள்ள மான்ஸ்டர் லசான்யா முந்திக்கொள்ளும். ஹெல்த்தில் 20, மனத்தெளிவில் 20 போய்விடும். மாறாக, இரண்டாவது இறைச்சிக்குப் பதில் ஒரு குச்சியைப் போட்டால் கபாப், பசிக்கு 37.5தான். ஒரு இறைச்சியோடு மூன்று குச்சி என்றால் எதுவும் பொருந்தாமல் வெட் கூப் என்கிற உபயோகமற்ற கூழ். ஹெல்த் குறைந்து தவிக்கும்போது ஒரு மான்ஸ்டர் மீட், ஒரு முட்டை, ஒரு கேரட், ஒரு பெர்ரி போட்டால் பியரோகி வரும், ஹெல்த்துக்கு 40.

நான் கேட்டது இதைத்தான். ஒரே இறைச்சி, கூட விழும் பொருளைப் பொறுத்து நான்கு ஐந்து வேறு பண்டமாகிறது. கெட்ட பொருளையும் தூக்கி எறியாமல், அளவு பார்த்துக் கலந்து பிழைக்கலாம். தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். குறை என்னவென்றால், மீட்பால்ஸ் கணக்குத் தெரிந்த பிறகு பலர் வேறு எதையும் சமைப்பதே இல்லை. இறைச்சி கொஞ்சம், மீதிக்குக் கையில் கிடைத்த பெர்ரி அல்லது ஐஸ் என்று ஆட்டம் முழுக்க ஓட்டிவிடலாம்.

மூன்றாவது வால்ஹெய்ம், 2021இல் வந்தது. இதில் சட்டி எதையும் யோசிப்பதில்லை. மூன்று கேரட்டும் ஒரு காளானும் போட்டால் கேரட் சூப், அவ்வளவுதான், எல்லாம் எழுதிவைத்த செய்முறை. கலப்பு நடப்பது வயிற்றில். ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு உணவு வயிற்றில் இருக்கலாம், ஒரே உணவை இருமுறை வைக்க முடியாது. ஒன்றுமே தின்னாமல் ஹெல்த் 25, ஓடவும் அடிக்கவும் வேண்டிய தெம்பான ஸ்டாமினா 50தான், ஆனால் பசியால் சாக மாட்டோம். சாஸேஜ் பெரும்பாலும் ஹெல்த் தரும், கேரட் சூப்பும் க்வீன்ஸ் ஜாமும் ஸ்டாமினா தரும். ஜிகர்தண்டாவில் பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஒன்றையொன்று அழிக்காமல் தத்தம் வேலையைச் செய்வது போல, இந்த மூன்றும் கூடியே நிற்கும். எதிரி அடிப்பவனா ஓட வைப்பவனா என்று பார்த்து, ஹெல்த் உணவு இரண்டா ஸ்டாமினா உணவு இரண்டா என்று முடிவு செய்யலாம்.

தின்ற உணவின் பலன் நேரம் போகப் போகக் கரையும். அதனால் பாஸைக் கூப்பிடுவதற்கு முன் வயிற்றைப் புதுப்பிக்க வேண்டும். செத்துவிட்டால் வயிறு காலி, படுக்கையில் 25 ஹெல்த்தோடுதான் எழுந்திருப்போம். செத்த இடத்தில் விட்ட சாமானை எடுக்க அப்படியே ஓடிப்போய் மறுபடி சாகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். படுக்கைப் பக்கத்துப் பெட்டியில் ஒரு செட் உணவை எப்போதும் வைத்திருங்கள்.

சண்டைக்குத் தயாராவதில் வால்ஹெய்முக்குத்தான் என் ஓட்டு. சுற்றிப் பார்த்து விளையாட வந்தவருக்குச் செல்டா போதும், அங்கே சமையல் பெரிய தொந்தரவு தராது. சமையலுக்காகவே ஒன்றை விளையாடுவதென்றால் டோன்ட் ஸ்டார்வ்தான். மீட்பால்ஸ் சலித்துப்போன பிறகு அதன் கூட்டாட்டப் பதிப்பான டோன்ட் ஸ்டார்வ் டுகெதரில் வார்லி என்கிற சமையல்காரனை எடுத்து ஆடிப் பாருங்கள். சட்டியில் சமைக்காத எதையும் அவன் தின்ன மாட்டான், அண்மையில் தின்ற பண்டத்தையே மறுபடி கொடுத்தால் அதன் பலன் அவனுக்குக் குறைந்துகொண்டே போகும். மூன்றாவது மீட்பால்ஸிலேயே வேறு என்ன சமைக்கலாம் என்று தேட வேண்டியிருக்கும்.