உங்கள் பெயரில் வெளிவரும் இணையதளம் யாருடையது? பேராசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பணியாற்றும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களைத் தேடிவந்து, "உங்களை வளாகத்துக்கு வெளியேயும் துறை நிபுணராக அறியச் செய்கிறோம்" என்று பணம் கேட்கிறது ஒரு நிறுவனம். அவர்களிடம் நான் 60,000 ரூபாய் கொடுத்தேன். அதன் விளைவாக ஒரு பெரியவரின் வீட்டுச் சுவர் பாழானது. பெயரை வெளியிடுவது பற்றி வழக்கறிஞர் முடிவு சொல்லும்வரை, அவர்கள் வேலை செய்யும் விதத்தை மட்டும் எழுதுகிறேன். அதை வைத்தே அவர்களை அடையாளம் காணலாம்.

நான் வேதியியல் விரிவுரையாளர். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பற்றி ஆய்வு செய்கிறேன். கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல அடுக்காகப் பூசி இழைத்த அந்தச் சுவர்களை இன்று பழுதுபார்ப்பவர்களுக்கு எங்கள் ஆய்வுக் கட்டுரைகள் கைக்கு எட்டுவதில்லை. வீட்டுக்காரர்களும், பழைய வீடுகளை விடுதியாக மாற்றுபவர்களும் ஒரு சந்தேகம் வந்தால் என்னைத் தேடிக் கேட்க வேண்டும் என்றுதான் வெளியே அறியப்பட விரும்பினேன்.

என் பெயரில் ஓர் இணையதளம், கூகுள் ஸ்காலர் பக்கத்தைச் சீர்செய்து தருவது, மாதம் இரண்டு எளிய தமிழ்க் கட்டுரைகள். ஒப்பந்தத்தில் இருந்தவை இவைதாம். ஒவ்வொரு கட்டுரையும் என் ஒப்புதலுக்குப் பிறகே வெளிவரும் என்ற நிபந்தனையும் எழுத்தில் இருந்தது. முதல் சில கட்டுரைகளுக்கு அப்படியே கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்தபின் தேவகோட்டையிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கொத்தனாரிடம் சொன்னேன், அம்மா. இப்போது வளவுச் சுவர் முழுவதும் உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது" என்றார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். விரிசல் விட்ட இடங்களிலும், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதற்கு மேலே, நூறாண்டு தாண்டியும் பளபளப்பு மாறாமல் இருந்த பூச்சு உப்பிக் கழன்றுகொண்டிருந்தது. என் பெயரும் படமும் போட்ட தளத்தில், "பழைய சுவர் விரிசல்களுக்குத் தரமான சிமெண்ட் பூச்சே நிரந்தரத் தீர்வு" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை இருந்தது. அதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை.

எந்த மாணவரும் என் வகுப்பில் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம் இது. பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஓதம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அடர்த்தியான சிமெண்ட்டைப் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேல் வெளிவருகிறது. அதோடு வரும் உப்பு பூச்சுக்குள்ளேயே படிகமாகி அதைத் தள்ளி உடைக்கிறது. இதைச் சொல்வதுதான் என் துறை. இதற்கு நேர்மாறானதை என் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். சிமெண்ட் விற்பனையாளர் ஒருவரின் விளம்பரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இணைப்பும் கொடுத்திருந்தார்கள்.

அன்றே அந்தக் கட்டுரையை நீக்க முயன்றேன். முடியவில்லை. தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் எனக்குத் தந்திருந்த கணக்கின் நிலை Contributor. அந்த நிலையில் இருப்பவர் வரைவு எழுதி அனுப்பலாம். எதையும் வெளியிட முடியாது, வெளியானதைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. Administrator நிலை நிறுவனத்திடம் இருந்தது. அடுத்து, .in முகவரிகளுக்கான பதிவேட்டில் என் தளத்தின் WHOIS விவரத்தை, அதாவது முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைத் தேடினேன். Registrant Organization என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. என் பெயரையே முகவரியாகக் கொண்ட தளத்துக்குச் சட்டப்படி அவர்கள்தாம் உரிமையாளர். கட்டுரையை எடுக்கச் சொல்லிக் கேட்டபோது, "ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்துங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

உங்கள் பெயரில் தளம் இருந்தால் இந்த இரண்டையும் இன்றே பாருங்கள். WHOIS தேடலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தால், முகவரி பதிவான கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முகவரியை நீங்களே உங்கள் கணக்கில் வாங்கி, வேலை செய்பவருக்கு Editor நிலை கொடுத்தால் போதும். .in முகவரி பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆகவே "அதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர் உங்களுக்குப் பெரிய செலவு எதையும் மிச்சப்படுத்தவில்லை.

ஸ்காலர் பக்கத்திலும் இதே கதைதான். மெய்யப்பன், அண்ணாமலை, மீனாட்சி போன்ற பெயர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. தலைப்பெழுத்தும் சேர்ந்து ஒத்துப்போகும் ஆய்வாளர்கள் ஏராளம். என் பெயரும் அந்த வகைதான். ஒத்த பெயருள்ள கட்டுரைகளை ஸ்காலர் "இவை உங்களுடையவையா?" என்று காட்டும்போது, அவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். நீரிழிவு நோயாளிகளின் பராமரிப்பு, பருத்திச் சாயம், நான் பள்ளியில் படித்த காலத்தில் வெளிவந்த ஒரு மண்ணியல் கட்டுரை என எல்லாம் என் பட்டியலில் ஏறின. மேற்கோள் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. அதையே "வளர்ச்சி அறிக்கை" என்று எனக்கு அனுப்பினார்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர் என்னை ஆலோசகராக அழைக்க இருந்தார். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் அவர் பின்வாங்கினார். மற்றவரின் உழைப்பை எனதென்று காட்டும் பக்கத்தைப் பார்த்தவர் வேறு என்ன செய்வார்?

பட்டியலை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கலப்படம் உடனே தெரியும். நீங்கள் ஆய்வு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளும் அறியாத கூட்டாசிரியர்களும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் திருத்த வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை உருவாக்கிய கூகுள் கணக்கு வேண்டும். அவர்கள் தங்கள் கணக்கில் உருவாக்கி, பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வந்த உறுதிப்படுத்தும் இணைப்பை மட்டும் என்னிடம் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். ஆகவே என் சொந்தக் கணக்கில் புதிய பக்கம் தொடங்கினேன். கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல், மின்னஞ்சலில் என்னைக் கேட்ட பிறகே சேர்க்கும்படி அமைத்திருக்கிறேன். ஆர்கிட் எண்ணையும் நானே பதிவு செய்தேன்; அது இலவசம். அந்த 16 இலக்க எண் ஒருவருக்கு மட்டுமே உரியது என்பதால், பெயர் ஒத்தவர்களோடு குழப்பம் வராது. உதவிக்கு ஒருவர் தேவைப்பட்டால் ஆர்கிட்டில் உள்ள Trusted individuals என்ற வசதியில் அவரைச் சேர்க்கலாம். கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டதற்கு ஒப்பந்த நகலையும் திரைப் படங்களையும் இணைத்து வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். .in முகவரிகளுக்கென்று INDRP என்ற நடுவர் முறை இருக்கிறது. ஒருவரின் பெயரை உரிமையின்றிப் பிறர் பதிவு செய்து தீய நோக்கோடு பயன்படுத்தினால் அதில் முறையிடலாம். அதற்கான கட்டணத்தையும் காலத்தையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேறு முகவரி வாங்கி அதில் மறுப்பை முதல் பக்கத்திலேயே வெளியிட்டேன். பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பக்கத்திலும் அதே மறுப்பு இருக்கிறது.

பெரியவர் வீட்டில் சிமெண்ட்டை மெல்லக் கொத்தி எடுத்துவிட்டோம். சுவர் ஒரு கோடை முழுக்கக் காய வேண்டும். அதன் பிறகுதான் புளித்த சுண்ணாம்பில் சிறு பரப்பில் பூசிப் பார்க்க முடியும். கழன்றுபோன பழைய பூச்சு திரும்பாது. அந்தக் கட்டுரையைப் படித்து வேறு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால், வரும் மழைக்கு முன்பே என்னைத் தொடர்பு கொள்ளுங்கள். பார்க்க வருவதற்கும் ஆலோசனைக்கும் எதுவும் வாங்க மாட்டேன்.