நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், சிப்ஸ்: பிள்ளைக்கு எதை வாங்கலாம்?

மூன்றிலும் சிப்ஸ்தான் மோசம் என்று பலர் நினைக்கிறோம். பாக்கெட்டைத் திருப்பி, பிள்ளை ஒரே தடவையில் எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் கதை மாறிவிடும். அட்டவணை 100 கிராமுக்குத்தான் போட்டிருக்கும், ஆனால் பிள்ளை 100 கிராம் சாப்பிடுவதில்லை, ஒரு பாக்கெட் சாப்பிடும்.

முதலில் நூடுல்ஸ். 100 கிராமில் சோடியம் 1100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 770. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு வரும், அதாவது கிட்டத்தட்ட 2 கிராம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாள் முழுக்க 3 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனில் சொல்லும் அளவு. ஆனால் பாக்கெட்டில் ஒரு நாள் அளவில் 38 சதவீதம் என்றுதான் இருக்கும், ஏனென்றால் அந்தக் கணக்கு பெரியவர்களுக்கான 2000 மில்லிகிராமை வைத்துப் போட்டது. பிள்ளைக்கு அதுவே அறுபதைத் தாண்டிவிடும். அதிலும் நம் கரையோர வீடுகளில் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு என்றால் அன்றைய உப்பு ஏற்கெனவே உள்ளே போயாச்சு, சாயங்காலம் நூடுல்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கொழுப்பு. பெரும்பாலான நூடுல்ஸ் கட்டி எண்ணெயில் பொரித்துக் காயவைத்தது. 100 கிராமில் 14 கிராம் கொழுப்பு என்றால் ஒரு பாக்கெட்டில் 10 கிராம். சிப்ஸில் 100 கிராமுக்கு 33 என்று இருக்கும், பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் 20 கிராம் பாக்கெட்டில் அது ஆறரை கிராம், உப்போ பெரும்பாலும் அரை கிராமுக்குள். சின்ன பாக்கெட் வரைக்கும்தான் இந்தக் கணக்கு, பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டால் சிப்ஸ் தோற்றுவிடும்.

கிரீம் பிஸ்கட்டில் பார்க்க வேண்டியது சர்க்கரை. 100 கிராமில் 36 கிராம் என்றால் 60 கிராம் பாக்கெட்டில் 21 கிராமுக்கு மேல், அதே வயதுக்கு பிரிட்டனில் சொல்லும் நாள் அளவு 19. பாக்கெட்டில் ‘ஒரு சர்விங், 2 பிஸ்கட்’ என்று போட்டு எண்ணைச் சின்னதாகக் காட்டியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். மாரி மாதிரி கிரீம் இல்லாத பிஸ்கட் நான்கு கொடுத்தால் சர்க்கரை 5 கிராம் பக்கம்தான் வரும். என்னைக் கேட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு இதுதான் முதலில், அடுத்து சின்ன சிப்ஸ் எப்போதாவது.

நூடுல்ஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஒரு கட்டியை இரண்டு பேருக்குப் பிரித்து, மசாலாவில் பாதி மட்டும் போடுங்கள். மசாலாவைப் பாதியாக்கினால் மட்டும் மொத்த உப்பு பாதியாகிவிடாது, கட்டியிலேயே கொஞ்சம் உப்பு இருக்கிறது. கோதுமை நூடுல்ஸ் வாங்குகிறவர்களும் சோடியம் வரியைப் பாருங்கள், மாவு மாறினாலும் மசாலாவின் உப்பு அப்படியேதான் இருக்கும்.