ராகி மாவா, புளிக்காய்ச்சலா: கணக்கில் எந்தப் பணம் வரும்?

இட்லி மாவு பாக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, சும்மா கிடக்கும் சொந்த ஷெட்டில் ராகி மாவு தயாரிப்பது. இன்னொன்று, வெளி யூனிட்டில் புளிக்காய்ச்சல் போட்டு வாங்கி விற்பது. இரண்டுக்கும் முதலீடு ரூ.60 லட்சம், ஆயுள் 5 ஆண்டு, பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் தள்ளுபடி விகிதம் ஆண்டுக்கு 12%. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ராகி மாவு ஆண்டுக்கு 2 லட்சம் பாக்கெட் போகும். மாறும் செலவு போக பாக்கெட்டுக்கு ரூ.15 நிற்கும். அதாவது ரூ.30 லட்சம். புளிக்காய்ச்சலில் ரூ.20 லட்சம்தான். ராகிதான் ஜெயிக்கிறது என்று தோன்றும்.

ராகிக்காகச் சந்தை ஆய்வில் ஏற்கெனவே ரூ.8 லட்சம் போய்விட்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது திரும்பாது. எனவே கணக்கில் சேராது. ஷெட் கட்டிய ரூ.40 லட்சமும் அப்படித்தான். ஆனால் ஷெட் இலவசம் அல்ல. அதை மாதம் ரூ.50,000-க்கு எடுக்க ஆள் இருக்கிறார். ராகிக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு ரூ.6 லட்சம் வாடகை போகும். கட்டிய விலையையோ தேய்மானத்தையோ ஷெட்டின் செலவாகப் போடுவது பலரும் செய்யும் பிழை. கைநழுவும் வாடகைதான் அதன் செலவு.

அப்புறம், ராகி வாங்குபவர்களில் பலர் நம் சாதா மாவை விட்டு வருபவர்கள். 80,000 பாக்கெட் அப்படிக் குறையும் என்று வைப்போம். இங்கே விற்பனைத் தொகையைக் கழிக்கக் கூடாது. சாதா மாவில் பாக்கெட்டுக்கு நின்ற ரூ.10-ஐத்தான் கழிக்க வேண்டும். இழப்பு ரூ.8 லட்சம்.

மிஞ்சுவது 30 − 6 − 8 = ரூ.16 லட்சம். ஆண்டுதோறும் வரும் தொகையைப் பெருக்கி மொத்த இன்றைய மதிப்பைக் காட்டும் காரணி, 5 ஆண்டு, 12%-க்கு 3.605. இன்றைய மதிப்பு ரூ.57.7 லட்சம்; முதலீட்டைக் கழித்தால் ரூ.2.3 லட்சம் நஷ்டம். புளிக்காய்ச்சல் ரூ.12.1 லட்சம் லாபம் தருகிறது.

சரி, விற்பனைப் பிரிவு ஒரு வாதம் வைக்கும்: "நாம் விடாவிட்டால் போட்டி நிறுவனம் ராகி மாவு விடும், அந்த 80,000 எப்படியும் போய்விடும்." இது நியாயமான வாதம். திட்டம் இல்லாவிட்டாலும் நடக்கும் இழப்பைத் திட்டத்தின் மேல் சுமத்த முடியாது. ரூ.8 லட்சத்தை நீக்கினால் மிச்சம் ரூ.24 லட்சம், ராகி முந்திவிடும்.

ஆனால் போட்டியாளர் வருவது உறுதியென்றால், நம் ராகி விற்பனையும் 2 லட்சத்தில் நிற்காது. வாதத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை மறப்பதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. விற்பனை 1.6 லட்சமாக இறங்கினால் வாடகை போக ரூ.18 லட்சம்தான், மறுபடியும் புளிக்காய்ச்சலே மேல். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 1.73 லட்சம் பாக்கெட். போட்டியாளர் வந்த பிறகும் அதற்கு மேல் விற்கும் என்று கடைகளில் விசாரித்துக் காட்ட முடிந்தால், ராகியைத் தேர்ந்தெடுக்கலாம்.