அறிமுக மெயில் எந்த டொமைனிலிருந்து போக வேண்டும்? மூன்று வழிகள், ஓர் அலசல்

கோவையில் வால்வு உதிரிபாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நண்பர் ஒருவர் போன மாதம் பதற்றத்தோடு கூப்பிட்டார். பத்து வருடமாக வாங்கும் பழைய வாடிக்கையாளர், "இன்வாய்ஸ் வரவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்தால் ஸ்பேம் பெட்டியில் கிடந்திருக்கிறது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த விற்பனை ஆள், விலைக்கு வாங்கிய ஒரு முகவரிப் பட்டியலுக்கு நாளுக்கு 300 மெயில் வீதம், கம்பெனியின் அதே டொமைனிலிருந்து இரண்டு வாரமாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதும் அறிமுக மெயிலை இனி எங்கிருந்துதான் அனுப்புவது?" என்று நண்பர் கேட்டார். வழிகள் மூன்று: இருக்கிற டொமைன், அதன் கீழ் ஒரு சப்டொமைன், புதிதாக வாங்கும் தனி டொமைன். அவருடைய டொமைனை இங்கே `example.com` என்றும், தனியாக வாங்கியதை `example.net` என்றும் வைத்துக்கொள்கிறேன்.

முதல் வழியை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக் கூடாது. பழைய டொமைனுக்குப் பல வருட வரலாறு இருக்கிறது. அதிலிருந்து போன மெயில்களுக்கு ஆட்கள் பதில் எழுதியிருக்கிறார்கள், அதை ஜிமெயிலும் அவுட்லுக்கும் பார்த்திருக்கின்றன. நாளுக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் தொழிலைப் படித்துவிட்டு, கையால் எழுதி அனுப்புபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எண்ணிக்கை கூடும்போதுதான் ஆபத்து. பெறுபவர் ஒருவர் "ஸ்பேம்" பொத்தானை அழுத்தினால் அந்தக் கெட்ட பெயர் டொமைன் மேல் விழும். இன்வாய்ஸும் கொட்டேஷனும் அதே பெயரில்தான் போகின்றன.

சப்டொமைனைத்தான் நிறையப் பேர் சிபாரிசு செய்கிறார்கள். `out.example.com` என்று ஒன்று வைத்தால் செலவில்லை, பெயரும் பிரிந்துவிட்டது என்ற எண்ணம். செய்திமடலுக்கும் ஆர்டர் உறுதி மெயிலுக்கும் அது சரியான ஏற்பாடு. அவற்றைக் கேட்டு வாங்குபவர்களுக்குத்தான் அனுப்புகிறோம், புகார் குறைவு. அறிமுக மெயிலுக்கு அது பொய்யான பாதுகாப்பு என்பது என் கருத்து. மெயில் பெறும் நிறுவனங்கள் சப்டொமைனைத் தனியாகவும் பார்க்கும், அதன் தாய் டொமைனோடு சேர்த்தும் பார்க்கும். 2024 பிப்ரவரியில் வந்த கூகுளின் விதியே இதற்குச் சான்று. தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர் மொத்த அனுப்புநர் ஆகிறார். அந்த எண்ணிக்கையில் சப்டொமைன்களிலிருந்து போனதும் தாய் டொமைன் கணக்கிலேயே சேரும். வாசல் வேறாக இருந்தாலும் வீடு ஒன்றுதான்.

தனி டொமைனில் சேதம் அங்கேயே நிற்கும். அதற்காகத்தான் நண்பருக்கு இதைச் சொன்னேன். ஆனால் இதற்கும் விலை உண்டு. புது டொமைனுக்கு வரலாறே இல்லை, வரலாறு இல்லாததை ஸ்பேம் பிரிக்கும் சல்லடைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஸ்பாம்ஹவுஸ் நிறுவனம் புதிதாகக் கண்ணில் படும் டொமைன்களை 24 மணி நேரம் ஒரு தனிப் பட்டியலிலேயே வைக்கிறது. இன்று வாங்கி இன்றே அனுப்பத் தொடங்குவது மோசடிக்காரர்களின் பழக்கம். குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது சும்மா விடுங்கள்.

இன்னொரு சிக்கல், மனிதர்களின் சந்தேகம். கம்பெனியின் பெயரைப் போலவே, ஆனால் கொஞ்சம் வேறாக இருக்கும் முகவரி எதையும் மெயில் பாதுகாப்புப் பயிற்சி எடுத்த கொள்முதல் அதிகாரி நம்ப மாட்டார். அதனால் `example.net` என்று பிரவுசரில் அடித்தால் நேராக மூல இணையதளத்துக்குப் போகும்படி வைத்தோம். கையெழுத்துப் பகுதியில் கம்பெனியின் முழுப்பெயர், ஆலை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் உண்டு. ஒளிக்க எதுவும் இல்லாதபோது வேறு டொமைன் என்பது யாருக்கும் உறுத்தாது.

அப்புறம், அந்த டொமைனுக்கு மெயில்பெட்டி எங்கே திறப்பது? இருக்கிற கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்கிலேயே இரண்டாவது டொமைனாகச் சேர்க்கலாம், மலிவுதான். ஆனால் புகாரால் அந்தக் கணக்கே முடக்கப்பட்டால் இன்வாய்ஸ் அனுப்பும் பெட்டியும் சேர்ந்து முடங்கும். டொமைனைப் பிரித்துவிட்டுக் கணக்கைப் பிரிக்காமல் விட்டால் பாதி வேலைதான் ஆகிறது. தனிக் கணக்கு திறந்தோம். மெயில்சிம்ப், செண்ட்கிரிட் போன்ற மொத்த மெயில் சேவைகள் இதற்கு ஆகாது. விலைக்கு வாங்கிய பட்டியலை அவற்றின் விதிகளே தடுக்கின்றன.

இனி அடையாளச் சான்று. மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் இது வேண்டும், தனி டொமைனுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். எஸ்பிஎஃப் என்பது எந்த சர்வர்கள் இந்தப் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மெயிலில் போடும் கையொப்பம். டிமார்க் இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, பெறுபவர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். மூன்றையும் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எழுத வேண்டும். `p=none` என்றால் தேறாத மெயிலையும் தடுக்க வேண்டாம், அறிக்கை மட்டும் போதும் என்று பொருள்.

```
example.net                    TXT "v=spf1 include:_spf.google.com ~all"
google._domainkey.example.net  TXT "v=DKIM1; k=rsa; p=MIIBIj..."
_dmarc.example.net             TXT "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

மூன்றாவது வரியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மெயில் பெறும் நிறுவனங்கள் தரும் டிமார்க் அறிக்கைகளை, `rua` வழியாக வேறு டொமைனில் உள்ள பெட்டிக்கு அனுப்பச் சொல்கிறோம். அந்த டொமைன் "சரி, அனுப்பலாம்" என்று சம்மதம் சொல்லாவிட்டால் விதிப்படி நடக்கும் நிறுவனங்கள் அனுப்பாது. அறிக்கை வரவில்லையே என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். சம்மதம் மூல டொமைனில் எழுதப்பட வேண்டும்:

```
example.net._report._dmarc.example.com  TXT "v=DMARC1"
```

பொருத்தம்தான் இதில் பலர் தடுக்கி விழும் இடம். எல்லாம் போட்டாகிவிட்டது என்று நண்பர் சொன்னதும், ஒரு சொந்த ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பச் சொல்லி, "Show original" திறந்து பார்த்தோம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் பாஸ் என்றுதான் இருந்தது. ஆனால் டிகிம் கையொப்பமிட்ட டொமைன் `example.net` அல்ல. `gappssmtp.com` என்று முடியும் ஏதோ ஒன்று. ஒர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில் டிகிம் சாவியை உருவாக்கி டிஎன்எஸ்ஸில் ஒட்டிவிட்டு, அதே பக்கத்தில் கையொப்பத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்த மறந்திருந்தார். அதுவரை கூகுள் தன் பெயரில்தான் கையொப்பமிடும்.

பாஸ்தானே, என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அந்த மெயிலில் டிமார்க் தேறியது எஸ்பிஎஃப்பின் தயவால் மட்டும். வாங்குபவர் தன் பழைய முகவரிக்கு வருவதை வேறு பெட்டிக்குத் தானாகத் திருப்பி வைத்திருந்தால், அந்த இடை சர்வர் நம் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது. எஸ்பிஎஃப் விழும். டிகிம் கையொப்பம் திருப்பலைத் தாங்கும், ஆனால் அதன் பெயர் பொருந்தாததால் டிமார்க்கும் சேர்ந்து விழும். பொத்தானை அழுத்திய பின் `header.i=@example.net` என்று வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிகிம் கையொப்பம் தேறவே இல்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் பக்கத்தில்தான் கோளாறு. 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும், ஒரு டெக்ஸ்ட் சரத்துக்கு அதுதான் எல்லை. சில டொமைன் விற்பனையாளர்களின் பக்கம் தானாகவே துண்டாக்கும், சிலவற்றில் மீதி வெட்டுப்படும். வேறு சில பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமே பின்னால் ஒட்டும். நாமும் முழுப்பெயர் எழுதினால் அது இரண்டு முறை சேர்ந்துவிடும். கீழே உள்ள கட்டளை முழுச் சாவியையும் காட்டுகிறதா என்று பாருங்கள்.

```
dig +short TXT google._domainkey.example.net
```

அனுப்பும் வேகத்துக்கு எழுதிவைத்த விதி கிடையாது. நாங்கள் முதல் வாரம் நாளுக்கு ஐந்து மெயில், அதுவும் பதில் எழுதக்கூடிய, தெரிந்த சப்ளையர்களுக்கு என்று தொடங்கினோம். ஐந்தாவது வாரத்தில் ஒரு பெட்டிக்கு 25 வரை போனோம், அதோடு நிறுத்திக்கொண்டோம். ஸ்பேம் புகார் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். ஆயிரம் மெயிலுக்கு மூன்று புகார், அவ்வளவுதான். வாங்கிய பட்டியலோடு இந்தக் கணக்குக்குள் நிற்க முடியாது. நண்பர் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டார்.

முதல் மெயிலில் இணைப்பும் திறந்தாரா என்று பார்க்கும் மறைபடமும் வைக்கவில்லை. காரணம் உண்டு. சல்லடைகள் அனுப்புநரை மட்டும் பார்ப்பதில்லை, மெயிலுக்குள் இருக்கும் டொமைன்களையும் பார்க்கும். ஒவ்வொரு அறிமுக மெயிலிலும் `example.com` இணைப்பு இருந்தால், நாம் காப்பாற்ற நினைத்த பெயரை நாமே உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம். கேடலாக் கேட்டுப் பதில் வந்தால் அப்போது இணைப்பு கொடுத்தால் போதும்.

இவ்வளவு செய்தாலும் சில நாடுகளுக்கு இந்த வழியே திறந்ததில்லை. அமெரிக்காவில் உண்மையான அஞ்சல் முகவரியும், வேண்டாம் என்று சொல்ல வழியும் கொடுத்தால் கேட்காமல் எழுதலாம், வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். ஜெர்மனியில் கம்பெனிக்கு எழுதினாலும் முன் சம்மதம் வேண்டும். நண்பரின் பட்டியலில் பாதி ஜெர்மன் முகவரிகள். அவற்றைக் கண்காட்சியில் நேரில் சந்திக்க ஒதுக்கிவைத்தோம்.

மூல டொமைனுக்கு டிமார்க் பதிவே இல்லாதிருந்தது. இதோடு சேர்த்து அதற்கும் `p=none` என்று ஒன்று போட்டு, அறிக்கையைப் பார்த்துவந்தோம். நான்காவது நாள் அறிக்கையில் `example.com` பெயரில் அனுப்பும் ஒரு புது ஐபி முகவரி, எஸ்பிஎஃப்பிலும் டிகிமிலும் தோல்வி என்று இருந்தது. யாரோ திருடன் என்று முதலில் பயந்தோம். தேடிப் பார்த்தால் அவர்களின் பில்லிங் மென்பொருள், அதன் சொந்த சர்வரிலிருந்து இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. விற்பனை ஆள் வருவதற்கு முன்பிருந்தே அந்த இன்வாய்ஸ்கள் சான்றில்லாமல்தான் போயிருக்கின்றன. நல்ல பெயர் இருந்தவரை தப்பித்தன, பெயர் கெட்டதும் முதலில் விழுந்தவை அவையே. அந்த மென்பொருளின் டிகிம் சாவியை அன்றைக்கே சேர்த்தோம். அதன் `include` வரியை, ஏற்கெனவே இருந்த ஒரே எஸ்பிஎஃப் பதிவுக்குள், டிஎன்எஸ் தேடல் எஸ்பிஎஃப்பின் எல்லையான பத்தைத் தாண்டவில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகு நுழைத்தோம்.